கவுண்டர் டிக்கெட் தொலைந்த அந்த ஞாயிற்றுக்கிழமை

போன வருடக் கடைசியில் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு இரவு வண்டியில் நான்கு பேர் கிளம்ப வேண்டியிருந்தது. அம்மா, அத்தை, என் மகன், நான். அம்மாவுக்குச் சென்னையில் திங்கட்கிழமை காலை கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தோம். கணவர் அங்கேதான் வேலை பார்க்கிறார். ஊரில் எல்லாவற்றையும் நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்ள வேண்டும். டிக்கெட்டை ஒரு மாதத்துக்கு முன்பே ரயில் நிலைய ரிசர்வேஷன் கவுண்டரில் வரிசையில் நின்று எடுத்திருந்தேன். மூன்றாம் வகுப்பு ஏசி, நான்கு பேருக்கும் சேர்த்து 4,120 ரூபாய். எல்லாமே கன்ஃபர்ம். இணையத்தில் எடுத்திருக்கலாம்தான். ஆனால் அம்மாவுக்குக் கையில் சீட்டு இருந்தால்தான் நிம்மதி. அந்தச் சீட்டே காணாமல் போகும் என்று யார் நினைத்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்கால் இருக்கும். பெட்டி கட்டி முடித்துவிட்டுக் கைப்பையில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். வழக்கமாக ரசீதுகள் வைக்கும் பீரோ இழுப்பறை, சாமி படத்துக்குப் பின்னால், காலண்டர் ஆணியில் குத்திய காகிதங்கள், எங்கேயும் இல்லை. வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. அம்மாதான் சொன்னாள்: "ஏட்டி, அதுக்கு ஏன் இப்படிப் பதறுத? போன்லதான் மெசேஜ் வந்திருக்கே, அதக் காட்டுனா போதாதா?"

போனில் மெசேஜ் இருந்தது உண்மை. கவுண்டர் படிவத்தில் என் எண்ணை எழுதியிருந்ததால் பிஎன்ஆர் எண், வண்டி எண், தேதி, பெட்டி, படுக்கை எண் எல்லாம் அதில் வந்திருந்தது. பார்ப்பதற்கு இணையத்தில் எடுத்தால் வரும் மெசேஜ் போலவே இருந்தது. இதற்கு முன்பு இ-டிக்கெட்டில் போனபோது வெறும் மெசேஜையும் ஆதாரையும் காட்டித்தான் போயிருக்கிறேன். அதனால் அம்மா சொன்னது எனக்கும் சரி என்றே பட்டது. மனசு கொஞ்சம் அடங்கியது. அந்த நிம்மதிதான் எனக்குப் பெரிய நஷ்டத்தைக் கொண்டுவந்தது.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் எடுத்த டிக்கெட்டுக்கு வரும் மெசேஜ் வெறும் தகவல்தான், பயணச் சீட்டு ஆகாது. அதற்குக் காகிதம் கையில் இருந்தே ஆகவேண்டும். ஏன் இந்த வித்தியாசம் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. கவுண்டர் டிக்கெட்டைக் கவுண்டரில் நீட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். அப்படியென்றால் அந்தக் காகிதமேதான் மதிப்பு. மெசேஜை ஒத்துக்கொண்டால் ஒருவர் காகிதத்தைக் கொடுத்துப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, மெசேஜைக் காட்டி வண்டியிலும் ஏறிவிடலாம். இ-டிக்கெட்டில் அந்தச் சிக்கல் இல்லை, ரத்து செய்தால் பணம் நாம் கட்டிய கணக்குக்கே திரும்பும். அதனால் அதன் பிரின்ட் தொலைந்தாலும் கிழிந்தாலும் ஒன்றும் ஆகாது, இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். பிரின்ட்டும் இல்லை, மெசேஜும் காட்ட முடியவில்லை என்றாலும், அசல் அடையாள அட்டை கையில் இருந்தால் டிடிஆர் ஒரு டிக்கெட்டுக்கு 50 ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீது போட்டுத் தருவார், அவ்வளவுதான். கவுண்டர் டிக்கெட் இல்லாமல் ஏறினால் கதையே வேறு. டிக்கெட் இல்லாப் பயணி என்று எடுத்துக்கொண்டால் முழுக் கட்டணமும், அதற்கு மேல் அபராதமாகக் கட்டணத்துக்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இரண்டில் எது கூடுதலோ அதுவும் கட்ட வேண்டிவரும். எங்கள் நால்வருக்கும் கணக்குப் போட்டால் எட்டாயிரத்தைத் தாண்டும்.

சரி, கதைக்கு வருகிறேன். மெசேஜ் இருக்கிறது என்ற தைரியம் இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல். பத்து மணிக்குக் கணவரிடம் போனில் சொன்னேன். அவர் கூட வேலை செய்பவரிடம் கேட்டுவிட்டு, "மெசேஜ் செல்லாதாம், டூப்ளிகேட் வாங்கணுமாம், ஆளுக்கு 100 ரூபாய்தானாம்" என்றார். அவர் சொன்னது அரை உண்மை. யாருக்கு எந்தப் படுக்கை என்ற இறுதிப் பட்டியலான சார்ட் தயாராவதற்கு முன்னால் போய்ச் சொன்னால்தான் அந்தக் கட்டணம்: இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர் என்றால் ஆளுக்கு 50, மற்ற வகுப்புகளுக்கு ஆளுக்கு 100. எங்களுக்கு 400 ரூபாயில் முடிந்திருக்கும். வண்டி இரவு எட்டு மணிக்குத்தானே, சார்ட் நான்கு மணி நேரத்துக்கு முன்னால்தானே போடுவார்கள், அப்படியென்றால் நான்கு மணி வரை நேரம் இருக்கிறது, அதற்குள் வீட்டிலேயே கிடைத்துவிட்டால் 400 ரூபாயும் மிச்சம். இப்படி நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு மணி நேரம் வீட்டைக் கலைத்தேன். அரிசி டப்பாவுக்கு அடியில்கூடப் பார்த்தேன். மகனின் பழைய நோட்டுகளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். அவனைத் திட்டவும் செய்தேன், பாவம், அவனுக்கும் டிக்கெட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அந்த நான்கு மணி நேரக் கணக்கு பழையது. 2025 ஜூலையிலேயே அதை எட்டு மணி நேரமாக்கிவிட்டார்கள், அப்புறம் அதையும் இன்னும் முன்னே தள்ளினார்கள். காலையில் கிளம்பும் வண்டிகளுக்கு முந்தின நாள் இரவே சார்ட் முடிந்துவிடுகிறது. இது எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்வதற்கு ஒரு நிமிடம் போதும். பிஎன்ஆர் நிலவரம் பார்க்கும் பக்கத்தில் எண்ணைப் போட்டால் CHART NOT PREPARED என்றோ CHART PREPARED என்றோ கீழே வந்துவிடும். 139க்கு அழைத்தாலும் பிஎன்ஆர் நிலவரம் சொல்லுவார்கள். டிக்கெட்டைக் காணவில்லை என்று தெரிந்த உடனே நான் செய்திருக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். NOT PREPARED என்று இருந்தால் தேடுவதை வீட்டில் இருப்பவர்களிடம் விட்டுவிட்டு, அந்த நிமிடமே ரயில் நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். தேடிக்கொண்டே உட்கார்ந்திருந்தது என் தப்பு.

பன்னிரண்டே காலுக்கு ஆட்டோ பிடித்துப் போய்ச் சேரும்போது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ரிசர்வேஷன் கவுண்டர் இரண்டு மணியோடு மூடிவிடும் என்பது அங்கே போய்ப் பலகையைப் பார்த்துத்தான் நினைவுக்கு வந்தது. நான்கு மணிக்குப் போகலாம் என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் படபடக்கிறது. விசாரணை கவுண்டரில் கேட்டேன், டிக்கெட் கவுண்டருக்குப் போகச் சொன்னார்கள். அங்கே வரிசையில் இருபது நிமிடம் நின்று ஜன்னலுக்குப் போனால், இங்கே இல்லை, ரிசர்வேஷன் சூப்பர்வைசரைப் பாருங்கள் என்றார்கள். அதனால் சொல்கிறேன், வரிசையில் நிற்காதீர்கள். நேராக ரிசர்வேஷன் அலுவலகத்தில் சூப்பர்வைசர் அறை எது என்று கேட்டுப் போய்விடுங்கள். டூப்ளிகேட்டுக்கு அவர் கையெழுத்துதான் முதலில் வேண்டும்.

சூப்பர்வைசர் வயதானவர், நிதானமாகப் பேசினார். "ஏம்மா, இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?" என்றார். தேடிக்கொண்டிருந்தேன் சார் என்றேன். கணினியில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார்ட் ஆயிடுச்சும்மா. இனிமே கட்டணத்துல பாதி கட்டணும்" என்றார். 4,120இல் பாதி 2,060. காலையில் வந்திருந்தால் 400. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் முடியவில்லை. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கன்ஃபர்ம் டிக்கெட்டாக இருந்ததால் இதுவாவது முடிகிறது என்றார். ஆர்ஏசி டிக்கெட் என்றால் சார்ட் போட்ட பிறகு டூப்ளிகேட்டே கிடையாது. வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் தொலைந்தால் எப்போதுமே கிடையாது. சரி, பயணத்தையே ரத்து செய்து பணத்தை வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தொலைந்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது, அசலை ஒப்படைத்தால்தான் வரும் என்றார். ஆக, 2,060 கட்டிப் போவது, அல்லது 4,120ஐ முழுசாக விட்டுவிடுவது. இரண்டே வழிதான்.

வெள்ளைத் தாளில் விண்ணப்பம் எழுதச் சொன்னார். நான் எழுதியது இவ்வளவுதான்: இந்தத் தேதியில் இந்த வண்டியில் இந்த வகுப்பில் நான்கு பேருக்கு முன்பதிவு செய்திருந்தேன், பிஎன்ஆர் எண் இது, பெட்டியும் படுக்கை எண்களும் இவை, பயணிகளின் பெயரும் வயதும் இவை, அசல் டிக்கெட் தொலைந்துவிட்டது, அதை ரத்து செய்யவோ பணம் திரும்பப் பெறவோ இல்லை, டூப்ளிகேட் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கீழே கையெழுத்து, முகவரி, போன் எண். கூடவே என் ஆதார் நகல். நகல் எடுக்க வெளியே ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன், ஞாயிற்றுக்கிழமை, முதல் கடை மூடியிருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே அசல் அடையாள அட்டையோடு நகலும் எடுத்துக்கொண்டு போனால் இந்த ஓட்டம் மிச்சம். போகிறவர் அந்த டிக்கெட்டில் பெயர் உள்ள பயணியாக இருப்பதும் நல்லது. பெயரையும் ஆதாரையும் ஒப்பிட்டுப் பார்த்தார், டிக்கெட்டை எப்போது எடுத்தேன், யார் யாருக்கு எடுத்தேன் என்றெல்லாம் கேட்டார். மெசேஜ் இங்கேதான் உதவியது. பயணத்துக்குச் செல்லாவிட்டாலும் பிஎன்ஆர் எண் அதில் இருந்ததால்தான் எல்லாவற்றையும் உடனே சொல்ல முடிந்தது.

பணம் கட்ட நான் கொண்டுபோனது 500 ரூபாய், ஆளுக்கு 100 என்ற நம்பிக்கையில். அன்று பணமாகத்தான் கேட்டார்கள். மறுபடியும் ஓட்டம், ஏடிஎம்முக்கு. மணி ஒன்றரை. திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது. கட்டணத்தில் பாதியைக் கையில் எடுத்துக்கொண்டே போங்கள், 400தான் ஆகும் என்று தெரிந்தாலும்.

நான் ஓடிக்கொண்டிருந்தபோது அந்த அறைக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். கையில் ஒரு பாலித்தீன் பையில் துவைத்து உலர்ந்த காகித உருண்டை. சட்டைப் பையில் டிக்கெட்டோடு சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டார்களாம். சூப்பர்வைசர் அதை மேஜையில் வைத்து, ஊறிய அப்பளத்தைப் பிரிப்பது போல மெதுவாகப் பிரித்தார். நடுவில் இரண்டாகப் பிய்ந்திருந்தது. ஆனால் மேலே இடது மூலையில் பிஎன்ஆரின் பத்து எண்ணும் தெரிந்தது, தேதியும் வண்டி எண்ணும் பாதி தெரிந்தது. "போதும்யா" என்றார். பெரியவருக்கு மறுநாள் இரவுதான் பயணம், ஸ்லீப்பர், இரண்டு பேர். சார்ட் ஆகவில்லை. 100 ரூபாயில் அவர் வேலை முடிந்தது. சார்ட் ஆகியிருந்தாலும் அவருக்கு என்னைப் போலப் பாதி ஆகாது, கிழிந்த டிக்கெட்டுக்குக் கால் பங்குதான். அவர் பயணத்தை ரத்து செய்ய நினைத்திருந்தாலும், எழுத்துகள் தெரிந்து அது உண்மையான டிக்கெட்தான் என்று உறுதியானால் பணமும் கிடைக்கும். தொலைந்ததற்கும் கிழிந்ததற்கும் அவ்வளவு வித்தியாசம். அதனால் டிக்கெட் எந்தக் கோலத்தில் இருந்தாலும் ஒரு துண்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். நீங்களாக ஒட்டவும் வேண்டாம், டேப்பைப் பிரிக்கும்போது எழுத்தும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். எல்லாத் துண்டையும் ஒரு கவரில் போட்டு அப்படியே கொண்டு போங்கள்.

ஒன்றே முக்காலுக்கு என் கையில் டூப்ளிகேட் வந்தது. பழையது மாதிரியே இருந்தது, டூப்ளிகேட் என்ற குறிப்போடு. கொடுக்கும்போது அவர் ஒன்று சொன்னார்: "பழசு கிடைச்சா வண்டி கிளம்புறதுக்குள்ள ரெண்டையும் கொண்டாங்க. கட்டுனதுல அஞ்சு சதவீதம் போக மிச்சம் கிடைக்கும்." குறைந்தது 20 ரூபாயாவது பிடிப்பார்களாம். என் கணக்கில் 103 ரூபாய் பிடித்துக்கொண்டு 1,957 திரும்ப வரும். வீட்டுக்குப் போய் மறுபடியும் தேடினோம். ஆறரைக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று, கிடைக்கவில்லை.

வண்டி கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். டிடிஆர் வந்து டூப்ளிகேட்டையும் அடையாள அட்டையையும் பார்த்துவிட்டுப் போனார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அம்மா ராத்திரிக்குப் போட வேண்டிய கண் சொட்டு மருந்து எத்தனை சொட்டு என்று கேட்டாள். சீட்டைப் பார்ப்போம் என்று ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தேன். பிளாஸ்டிக் உறைகள் வைத்த ஃபைல். மருந்துச் சீட்டை உறையிலிருந்து உருவியபோது அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு டிக்கெட்டும் வந்தது. ஊருக்குப் போகும்போது இரண்டும் சேர்ந்தே வேண்டுமே என்று ஒரு மாதத்துக்கு முன்னால் நானேதான் பத்திரமாக அங்கே வைத்திருக்கிறேன். காலையில் அந்த ஃபைலைப் பெட்டியில் வைத்ததும் நானேதான். அம்மா ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிடிஆர் திரும்பி வந்தபோது ஒரு நப்பாசையில் கேட்டேன். வண்டி கிளம்பிவிட்டதே அம்மா, இனிமேல் கிடைக்காது என்றார். 2,060 ரூபாயும், ஆட்டோவுக்குப் போக வர 240 ரூபாயும், ஒரு முழு நாளும் போனது போனதுதான்.

இப்போது கவுண்டரில் டிக்கெட் வாங்கியதும், ஜன்னலை விட்டு நகர்வதற்கு முன்பே போனில் படம் எடுத்துவிடுகிறேன். படத்தைக் காட்டிப் பயணம் போக முடியாது, ஆனால் பிஎன்ஆர் எண், பெட்டி, படுக்கை எல்லாம் விண்ணப்பம் எழுதத் தயாராக இருக்கும். அந்தப் படத்தைக் கணவருக்கும் அனுப்பிவிடுகிறேன். டிக்கெட் இருக்கிறதா என்று பார்ப்பதைப் பெட்டி கட்டும் நேரத்துக்குத் தள்ளுவதில்லை, பயணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே கையில் எடுத்துப் பார்த்துவிடுகிறேன். அப்போது காணவில்லை என்றாலும் ஆளுக்கு 50, 100 ரூபாயோடு போய்விடும்.

திரும்பி வரும்போது கணவர் இ-டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். போனில் மெசேஜ், போனிலேயே ஆதார் என்று கிளம்பினேன். எழும்பூரில் ஏறி உட்கார்ந்தபோது போனில் மூன்று சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. போன் அணைந்தால் மெசேஜ் போகும், அதற்கு 50 ரூபாய்தான். ஆனால் ஆதாரும் அதனோடு சேர்ந்தே போகும், அடையாள அட்டையே இல்லாவிட்டால் டிக்கெட் இல்லாத கணக்குதான். நல்லவேளை, அத்தை தன் வாக்காளர் அட்டையைச் சுருக்குப் பையில் வைத்திருந்தாள். ஒரு டிக்கெட்டில் இருக்கிறவர்களில் யாராவது ஒருவர் அசல் அட்டையைக் காட்டினால் போதும். டிடிஆர் அதை வாங்கிப் பார்த்து, பெயரைச் சரிபார்த்துவிட்டு, அத்தையிடமே திருப்பிக் கொடுத்தார். அத்தை அதை மறுபடியும் மடித்துச் சுருக்குப் பையில் வைத்து, கயிற்றை இறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.